காட்டிக்கொடுக்கும் ஈகாரம்

டில்லிக்குப் போன புதிதில் ஒரு நாள் காலை வீட்டுக்காரம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, குடத்தை எடுத்துக்கொண்டு சீக்கிரம் இறங்கி வா என்றார். ‘இதோ வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னேன். மறுமுனையில் ஒரு நொடி பேச்சே இல்லை. அப்புறம் பெரிய சிரிப்பு. “ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிட்டாயா, பேட்டா?” என்று கேட்டார்.

வினையின் பாலை மாற்றிச் சொல்லியிருந்தேன். நான் ஆணாக இருந்து பெண்பாலில் பேசினேனா, பெண்ணாக இருந்து ஆண்பாலில் பேசினேனா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. தமிழில் எழுதும்போது அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ‘பேட்டா’ என்ற விளியைப் பிடித்துக்கொண்டும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மகன் என்றுதான் பொருள், ஆனால் வட இந்திய வீடுகளில் மகளையும் அப்படித்தான் கொஞ்சலாகக் கூப்பிடுவார்கள். இந்தக் கட்டுரையை யாராவது இந்தியில் பெயர்ப்பதாக இருந்தால், முதல் பத்தியை முடிப்பதற்குள் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாகவேண்டும்.

தமிழில் ‘வருகிறேன்’ என்ற சொல்லை யாரும் சொல்லலாம். ஆங்கிலத்திலும் அப்படியே. ‘ஐ ஆம் கமிங்’ என்பதில் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. இந்தியில் ஆண் சொன்னால் ‘மைன் ஆ ரஹா ஹூன்’, பெண் சொன்னால் ‘மைன் ஆ ரஹீ ஹூன்’. நான் என்று பொருள்படும் ‘மைன்’ இருவருக்கும் பொது. கடைசியில் வரும் ‘ஹூன்’ என்பதும் பொது. நடுவில் இருக்கும் ‘ரஹா’ ஆகாரத்தில் முடிகிறதா, ஈகாரத்தில் முடிகிறதா என்பதில் எல்லாம் வெளியாகிவிடுகிறது. ‘போனேன்’ என்பது ‘கயா’ அல்லது ‘கயீ’. ‘போவேன்’ என்பது ‘ஜாஊங்கா’ அல்லது ‘ஜாஊங்கீ’. பொதுவாக நின்று சொல்ல நடுவாக ஒரு வடிவம் இல்லை.

நம் இலக்கணத்தில் பால் காட்டும் வேலை படர்க்கையோடு நின்றுவிடுகிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று பிரிப்போம். ‘வந்தேன்’, ‘வந்தாய்’ இருபாலுக்கும் பொது. இந்தி இதில் ஏறக்குறைய தலைகீழ். அவன், அவள் இரண்டுக்கும் ‘வஹ்’ என்ற ஒரே சொல்தான். ஆனால் வினை மூன்று இடத்திலும் பாலைச் சொல்லிவிடும். அதனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பதற்குக்கூட ‘கைஸே’யா ‘கைஸீ’யா என்று முடிவு செய்தாகவேண்டும்.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைத் தமிழ் வழியாகவே புரிந்துகொள்ளலாம். ‘நான் போனேன்’ என்பதற்குப் பதிலாக ‘நான் போனவன்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே பால் தெரிந்துவிடுகிறது; பெண்ணாக இருந்தால் ‘போனவள்’ என்றாகவேண்டும். வினையாலணையும் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அது. இந்தியின் ‘மைன் கயா’ உண்மையில் இந்த வகை. சமஸ்கிருதத்தில் ‘கச்சதி’ என்ற வினைமுற்றுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. அவன் போனாலும் அவள் போனாலும் கச்சதிதான். ஆனால் ‘கத’ என்ற எச்சம், அதாவது ‘போன’ என்ற பொருளுள்ள பெயரடை, ஆணுக்குக் ‘கத:’, பெண்ணுக்குக் ‘கதா’ என்று மாறும். பேச்சு வழக்கு மாறிமாறி வந்ததில் பழைய வினைமுற்றுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய், இந்தப் பெயரடைகளே வினையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. ‘கத’ தான் ‘கயா’ ஆயிற்று. எதிர்காலத்தின் ‘கா’, ‘கீ’ விகுதிகளும் அதே ‘கத’விலிருந்து வந்தவை என்றே மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். ‘ஜாஊங்கா’விலிருந்து ‘கா’வை உருவிவிட்டால் மிஞ்சும் ‘ஜாஊன்’ பழைய வினைமுற்றின் எச்சம். அதற்கு இன்றும் பால் இல்லை. ‘மைன் ஜாஊன்?’, நான் போகட்டுமா என்று யாரும் கேட்கலாம். அனுமதி கேட்கலாம்; போய்விட்டேன் என்றோ போவேன் என்றோ சொன்னால்தான் மாட்டிக்கொள்வோம்.

வங்காளி இந்த வம்பிலிருந்து தப்பிவிட்டது. அங்கே ‘ஆமி ஜாச்சி’ இருபாலுக்கும் பொது. மராத்தி இந்தியைப் போலத்தான்: ஆண் ‘மீ ஜாதோ’, பெண் ‘மீ ஜாதே’. மலையாளமோ படர்க்கையில்கூட வினைக்குப் பால் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரம்மாள் சிரித்ததோடு போயிருந்தால் இதைப் பற்றி நான் இவ்வளவு யோசித்திருக்கமாட்டேன். பிற்பாடு நான் சேர்ந்த வேலை ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் வசன வரி எழுதுவது. பக்கத்து மேசையில் அதே தொடருக்கு இந்தி வரி எழுதுபவர். இருவர் முன்னாலும் ஒரே படம், ஒரே ஆங்கில வசனம். நான் முக்கால் மணி நேரத்தில் தாண்டிப்போன ஒரு காட்சியில் அவர் அரை நாள் உட்கார்ந்திருப்பார்.

அப்படி வந்தது ஒரு கொலைத் தொடர், எட்டுப் பாகம். கதாநாயகிக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து கைப்பேசியில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். அனுப்புவது யார் என்பது எட்டாவது பாகத்தின் கடைசிக் கால் மணியில்தான் தெரியும். எங்களுக்குக் காட்சிகள் இரண்டிரண்டு பாகமாக வந்தன. இந்திக்காரர் முதல் இரண்டு பாகங்களில் செய்திகளை எல்லாம் ஆண்பாலில் எழுதி வைத்தார். மிரட்டுகிற ஆள் ஆண் என்று கை தானாக எழுதிவிட்டது. பிறகு சந்தேகம் தட்டி, கேள்வித் தாளில் ‘பேசுபவர் ஆணா, பெண்ணா?’ என்று எழுதி அனுப்பினார். பதில் வந்தது: ‘பெண். ஆனால் கடைசிவரை பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது.’

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன். செய்திகள் ஆறு. தமிழும் ஆங்கிலத்தைப் போலவே தன்மையில் வாயை மூடிக்கொள்ளும் மொழி என்பதால், மூலத்தைத் தமிழிலேயே சொல்கிறேன், ஒன்றும் கெட்டுவிடாது.

முதல் செய்தி: ‘நேற்று ராத்திரி உன்னைப் பார்த்தேன்.’ இது தானாகவே தப்பித்த வாக்கியம். ‘மைன்னே கல் ராத் தும்ஹேன் தேகா.’ தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகளுக்குப் படித்தவர்கள் இந்த ‘நே’வை மறந்திருக்கமாட்டார்கள். பாதிப் பேர் மதிப்பெண் இழந்ததே அதில்தான். செயப்படுபொருள் குன்றாத வினை இறந்தகாலத்தில் வந்தால் எழுவாயோடு ‘நே’ ஒட்டிக்கொள்ளும்; அப்போது வினை எழுவாயைத் திரும்பிப் பார்க்காது, செயப்படுபொருளின் பாலை எடுத்துக்கொள்ளும். ‘நான் கடிதம் எழுதினேன்’ என்பதை ‘மைன்னே சிட்டீ லிகீ’ என்றும் சொல்லலாம், ‘மைன்னே கத் லிகா’ என்றும் சொல்லலாம். சிட்டீ பெண்பால், கத் ஆண்பால், இரண்டும் கடிதம்தான். எழுதியது தாத்தாவா பாட்டியா என்பதற்கு இதில் இடமே இல்லை. ‘என்னால் கடிதம் எழுதப்பட்டது’ என்ற பழைய செயப்பாட்டு அமைப்பின் மிச்சம் இது. படிக்கும் காலத்தில் உயிரை வாங்கிய விதி, ஒளித்துவைக்கும் வேலையில் முதல் துணையாக வந்து நிற்கிறது.

முதல் செய்தியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘தும்ஹேன்’ என்பதில் ‘உன்னை’ என்ற வேற்றுமை சேர்ந்திருக்கிறது. அப்படி உருபு ஏறிய செயப்படுபொருளையும் வினை கவனிக்காது. யாரையும் பார்க்காமல் ‘தேகா’ என்று ஆகாரத்தில் சும்மா நின்றுவிடும். இந்தி அரைகுறையாகத் தெரிந்தவர் ஆகாரத்தைக் கண்டதும் ஆண்தான் பேசுகிறான் என்று முடிவு கட்டுவார். அந்த ஆகாரம் யாருக்கும் சொந்தமில்லாதது.

இரண்டாவது செய்தி: ‘சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன்.’ இங்கே வழி அடைபட்டது. நிற்பது செயப்படுபொருள் குன்றிய வினை, ‘நே’ வராது. ‘கடா தா’ என்றால் ஆண், ‘கடீ தீ’ என்றால் பெண். அவர் வாக்கியத்தை முதல் செய்தியோடு இழுத்துக் கட்டினார்: ‘சடக் கே உஸ் பார் ஸே மைன்னே ஸப் தேகா.’ சாலையின் அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். நிற்பதைப் பார்ப்பதாக மாற்றினால் ‘நே’ மறுபடி கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒன்று போய்விட்டது. மூலத்தில் ‘நின்றிருந்தேன்’ என்பதில்தான் அச்சம். அசையாமல் ஓர் உருவம் எதிரே நிற்கிற படம் மனதில் வருகிறது. ‘பார்த்தேன்’ என்றதும் அந்த உருவம் கரைந்துவிடுகிறது. இந்த இழப்பை அவரும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது: ‘நீ செய்தது எனக்குத் தெரியும்.’ ஆங்கிலத்தை ஒட்டினால் ‘மைன் ஜான்தா ஹூன்’, ‘மைன் ஜான்தீ ஹூன்’ என்று இரண்டாகப் பிரியும். இந்தியர்கள் இயல்பாகப் பேசுவதோ ‘முஜே பதா ஹை’. தமிழின் ‘எனக்குத் தெரியும்’ போலவே நான்காம் வேற்றுமையில் தொடங்குவது. எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்று நம்மிடம் இருக்கும் வாக்கியங்களுக்கு இந்தியிலும் அதே அமைப்பு உண்டு. அனுபவிக்கிறவர் ஓரமாக நின்றுகொள்ள, அனுபவமே எழுவாயாகிவிடும். ‘முஜே பூக் லகீ ஹை’ என்று மீசைக்காரப் பயில்வானும் சொல்வார். ‘லகீ’யின் ஈகாரம் பசிக்கு உரியது, பயில்வானுக்கு அல்ல.

நான்காவது: ‘என்னால் காத்திருக்க முடியும்.’ ‘இந்தஜார் கர் சக்தா ஹூன்’ அல்லது ‘சக்தீ ஹூன்’, மறுபடியும் அடைப்பு. அவர் எழுதியது: ‘முஜே கோயீ ஜல்தி நஹீன்.’ எனக்கு ஒன்றும் அவசரமில்லை. இதை என் பக்கம் திரும்பிப் படித்துக்காட்டினார். மூலத்தைவிட இது கெட்டிக்கார மிரட்டலாக இருந்தது. கட்டாயத்தால் பிறந்த நல்ல வரி. நானும் என் தமிழ் வரியை அழித்துவிட்டு ‘எனக்கு ஒன்றும் அவசரமில்லை’ என்று மாற்றிக்கொண்டேன். எனக்கு அந்தக் கட்டாயமே இல்லை என்றாலும்.

ஐந்தாவது: ‘நாளை வருகிறேன்.’ ‘ஆஊங்கா’, ‘ஆஊங்கீ’ இரண்டையும் தவிர்க்க, ‘கல் முலாகாத் ஹோகீ’ என்று எழுதினார். நாளை சந்திப்பு நடக்கும். முலாகாத் பெண்பால் பெயர், அதனால் ‘ஹோகீ’. இந்தியில் இது அன்றாடம் புழங்கும் தொடர், செயற்கையாக ஒலிக்காது. ‘முஜே கல் ஆனா ஹை’ என்றும் ஒரு வழி உண்டு. அதை அவர் தொடவில்லை. அதற்கு ‘நாளை வரவேண்டியிருக்கிறது’ என்று பொருள் வரும். கொலைகாரர் வேண்டாவெறுப்பாகக் கடமைக்கு வருவதுபோல் ஆகிவிடும். இந்தியில் பாலை மறைக்கும் எந்த அமைப்பும் முழுக்க இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒன்று பொருளில் கொஞ்சம் கேட்கும், ஒன்று தொனியில் கேட்கும், சிலது அரசாங்கக் கடிதம்போல் ஒலிக்கும்.

ஆறாவது: ‘நான் தனியாக இல்லை.’ பெயரடையே பால் காட்டும் இடம் இது: ‘அகேலா’, ‘அகேலீ’. இந்தியில் ஆகாரத்தில் முடியும் பெயரடைகள்தான் இப்படி மாறும். ‘குஷ்’, ‘பீமார்’, ‘தையார்’, ‘பரேஷான்’ போன்றவை மாறாது. மகிழ்ச்சி, நோய், ஆயத்தம், கவலை எல்லாவற்றையும் பால் சொல்லாமல் அறிவித்துவிடலாம். தனிமையை மட்டும் முடியாது. ‘மேரே ஸாத் ஔர் லோக் பீ ஹைன்’, என்னோடு வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று முடித்தார். கீழே இரண்டு வரிக்குள் அடங்கவேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு. அது நீளம்தான், ஆனால் அடங்கியது.

ஆறும் முடிந்ததும் வேலை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அவருக்கு அப்போதுதான் உண்மையான கவலை வந்தது. ஆறு செய்திகளையும் வரிசையாகப் படித்துப் பார்க்கச் சொன்னார். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒரு பக்கம் முழுக்கத் தன் பாலைச் சொல்லாமல் பேசமாட்டார். ‘நான்’ என்று தொடங்கினால் நான்கைந்து வாக்கியத்துக்குள் ஒரு ‘ரஹா’வோ ‘ரஹீ’யோ வந்து விழவேண்டும். வராவிட்டால் காதுக்குப் படும். யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பெரும்பாலான மிரட்டல்காரர்கள் ஆண்கள் என்பதால், மறைக்கிறார்கள் என்றாலே பெண்ணாகத்தான் இருக்கும் என்று பாதிப் பேர் மூன்றாம் பாகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, எல்லாவற்றையும் ஆண்பாலில் எழுதிவிட்டால்? அப்போது அந்தப் பெண் தன்னை ஆண் என்று சொல்லி ஏமாற்றியவள் ஆகிறாள். மூலக்கதையில் அவள் அப்படி ஒரு பொய் சொல்லவே இல்லை. எட்டாம் பாகத்தில் போலீஸ்காரர் ‘நீ ஏன் ஆணாக எழுதினாய்’ என்று கேட்டிருக்கவேண்டும், அவள் அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கவேண்டும். அந்த வசனம் மூலத்தில் கிடையாது. பெண்பாலில் எழுதினாலோ முதல் பாகத்திலேயே குட்டு உடைந்துவிடும். ஆங்கிலத்தில் அவள் ஒன்றும் செய்யாமல் இருந்தாள், அவ்வளவுதான். இந்தியில் அந்தச் ‘சும்மா இருப்பது’ என்ற ஒன்றே இல்லை. பொய்யோ, ஒப்புதலோ, பிடிபடாமல் நழுவுவதோ ஏதாவது ஒன்றை அவளுக்காக மொழிபெயர்ப்பாளர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். நழுவுவதே மூன்றிலும் நேர்மையானது என்பது என் எண்ணம். வேறு விதமாகச் சொல்பவர்களும் அந்த அறையில் இருந்தார்கள்.

‘ஹம்’ போட்டுப் பாருங்களேன் என்று நான் யோசனை சொன்னேன். ‘ஹம்’ என்றால் நாம், நாங்கள். லக்னோவிலும் பீகாரிலும் ஒரு தனி ஆள்கூடத் தன்னை ‘ஹம்’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அப்படிப் பேசும் பெண்களில் பலர் ‘ஹம் ஜா ரஹே ஹைன்’ என்று ஆண்பால் பன்மையையே போடுவார்கள். அதில் பால் மறைந்துவிடும். அவர் சிரித்தார். “நியூயார்க்கில் கொலை செய்கிறவர் பாட்னாவிலிருந்து வந்தவர்போல் பேசுவாரே!”

சிரித்தது நியாயம்தான். ஆனால் ஆண்பால் பன்மை ஒரு போர்வையாக வேறு இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உருது கஜலில் காதலியைக்கூட ஆண்பால் வினையால் சொல்வது நெடுநாள் மரபு. யாரைப் பாடுகிறார் என்பது மூடியே இருக்கும். இன்றைக்குக் கைப்பேசியை இந்திக்கு மாற்றினால், ‘இதை அழிக்கவா?’ என்று அது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ‘க்யா ஆப் வாகயீ… சாஹ்தே ஹைன்?’ என்று ஆண்பால் மரியாதைப் பன்மையில்தான் இருக்கும். கோடிக்கணக்கான பெண்கள் அதற்கு ‘ஆமாம்’ என்று விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். ‘இன்னார் உங்கள் படத்தை விரும்பினார்’ என்ற அறிவிப்பு மட்டும் ‘நே’யின் தயவில் பிழைத்துக்கொள்கிறது. 2023இல் வந்த ஆண்ட்ராய்ட் 14, பயன்படுத்துபவரின் இலக்கணப் பாலைச் செயலிகள் தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தது. ஏற்பாடு இருந்தாலும், ஒவ்வொரு வரியையும் இருமுறை எழுத ஆள் வேண்டும்.

ஸ்பானியம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. வினைக்குப் பால் இல்லை, பெயரடைக்கு உண்டு. ‘வருகிறேன்’ என்று யாரும் சொல்லலாம். ‘களைப்பாக இருக்கிறேன்’ என்றால் ஆண் ‘எஸ்தோய் கன்சாதோ’, பெண் ‘எஸ்தோய் கன்சாதா’. ஆகாரம் அங்கே பெண்ணுக்கு உரியது, இந்தியில் ஆணுக்கு உரியது. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் தலை சுற்றும். தப்பிக்கும் வழிகளும் அங்கே சுலபம். ‘நல்வரவு’ என்பதற்கு ‘பியென்வெனிதோ’, ‘பியென்வெனிதா’ என்று பிரிக்காமல், ‘உங்களுக்கு நல்வரவு தருகிறோம்’ என்று பெயர்ச்சொல்லாக மாற்றிவிடுவார்கள். அர்ஜென்டினாவில் இளைஞர்கள் சிலர் ஓகாரமும் வேண்டாம், ஆகாரமும் வேண்டாம் என்று ‘கன்சாதே’ என எகரத்தில் முடிக்கிறார்கள். புவெனோஸ் ஐரஸ் நகர அரசு 2022இல் பள்ளி வகுப்புகளில் இதற்குத் தடை போட்டது.

ஒரு தொடரின் ஆறு செய்திகளுக்கே இந்தப் பாடு என்றால், நாவல் முழுக்கப் பாலை மறைத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் சாரா காட்வெல் 1981 முதல் நான்கு துப்பறியும் நாவல்கள் எழுதினார். கதைசொல்லி ஹிலரி டாமர் ஆக்ஸ்போர்டில் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர். ஹிலரி என்ற பெயர் இருபாலுக்கும் உண்டு. நான்கு புத்தகங்களிலும் அவர் ஆணா பெண்ணா என்பது வெளிவரவே இல்லை. ஜெனட் விண்டர்சன் 1992இல் எழுதிய ‘ரிட்டன் ஆன் தி பாடி’ காதல் கதை. அதிலும் கதைசொல்லியின் பால் இல்லை. ஆங்கிலத்தில் இது சாமர்த்தியம், ஆனால் தன்மையில் பேசும்வரை மொழி எதிர்ப்பதில்லை.

மொழியே எதிர்க்கும் இடத்தில் இதைச் செய்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஆன் கரேட்டா. 1986இல் வந்த ‘ஸ்பிங்க்ஸ்’ நாவலில் கதைசொல்லிக்கும் பால் இல்லை, காதலிக்கப்படுபவருக்கும் இல்லை. பிரெஞ்சில் ‘போனேன்’ என்று பேச்சு வழக்கில் சொன்னால், எழுத்தில் எச்சம் பாலைக் காட்டிவிடும். அதனால் அவர் எச்சம் வராத பழைய இலக்கிய இறந்தகாலத்தைப் பயன்படுத்தினார். நடைக்கு ஒரு பழமை மணம் வந்து சேர்ந்தது. அது 2015இல் ஆங்கிலத்துக்குப் போனபோது சிக்கல் இடம் மாறியது. பிரெஞ்சில் ‘அவருடைய கை’ என்றால் கையின் பாலைத்தான் உடைமைச்சொல் காட்டும். ஆங்கிலத்திலோ ‘ஹிஸ்’, ‘ஹெர்’ என்று உடையவரின் பால் வந்து நிற்கும். ஒரு மொழியில் அடைத்த ஓட்டை இன்னொன்றில் வேறு பக்கம் திறக்கிறது.

தமிழிலும் திறக்கும். நான் அந்தக் கொலைத் தொடரில் ஒன்றும் கஷ்டப்படவில்லை என்று மேலே எழுதியது முழு உண்மை அல்ல. செய்திகளில் கஷ்டமில்லை. ஆனால் போலீஸ்காரர்கள் தங்களுக்குள் அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் பால் சொல்லாத ‘தே’ போட்டுக்கொண்டார்கள். எனக்கு ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் ஆகாது. ‘வந்தார்’ என்று போடலாம். ‘அவர்’ என்பது நம்மிடம் இருக்கும் அருமையான திரை. அம்மா வந்தாலும் அப்பா வந்தாலும் ‘வந்தார்’. இந்தி மரியாதைப் பன்மையில்கூடப் பாலை விடாது. அப்பா ‘ஆயே’, அம்மா ‘ஆயீன்’. ஆனால் மூன்று பேரைக் கொன்ற ஆளைப் பற்றி இன்ஸ்பெக்டர் ‘அவர் மறுபடியும் கொலை செய்வார்’ என்று சொன்னால், மாமனாரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. கடைசியில் பேச்சு வழக்கின் அஃறிணையிடம் சரணடைந்தேன். ‘அந்த ஆளு மறுபடியும் கொலை பண்ணும்’ என்று எழுதினேன். இழிவும் சேர்ந்தது, பாலும் மறைந்தது.

இந்திக்காரருக்கு அந்த வரிகள் ஒரு பொருட்டே இல்லை. யார் என்று தெரியாத ஆளுக்கு இந்தி ஆண்பாலை இயல்பாகவே போட்டுவிடும். ‘கௌன் பேஜ் ரஹா ஹை’, யார் அனுப்புகிறார் என்று கேட்பதில் அனுப்புபவர் ஆண் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நான் சுருண்ட இடத்தில் அவர் நடந்து போனார்.

எட்டாம் பாகம் வந்தது. கதாநாயகியின் வீட்டு வாசலில் அவளுடைய பழைய தோழி நிற்கிறாள். மழை. தலையில் போட்டிருந்த துணியை விலக்கிவிட்டு, இரண்டாவது செய்தியின் வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அதே சொற்கள், என் தமிழிலும் அதே சொற்கள்: ‘சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன்.’ முகம் வெளிச்சத்துக்கு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் பேசத் தொடங்கிவிடுகிறாள், குரல் மழைச் சத்தத்தில் மங்கலாக. பக்கத்து மேசையில் அவர் ஏழு பாகங்களாகக் கையில் இறுக்கி வைத்திருந்ததை அங்கே அவிழ்த்து விட்டிருந்தார்: ‘மைன் சடக் கே உஸ் பார் கடீ தீ.’

அந்த ஒரு நொடி, முகத்துக்கு முன்னால், திரையின் அடியில் அந்த இரண்டு ஈகாரங்கள் மட்டும் இருந்தன.